மரக்கறியை வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்க: எதைக் காட்டுவது, என்ன பேசுவது, ஓடரை எப்படி எடுப்பது

களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் பக்கத்து மணல் நிலங்களில் கிணற்று நீர் இறைத்துக் கத்தரி, பயற்றை, வெண்டி செய்கிறவர்களில் பலர் இப்போது வியாபாரியை மட்டும் நம்பியிருக்காமல், கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்றுப் பார்க்கிறார்கள். அதற்காகப் போடும் வீடியோக்களில் பெரும்பாலும் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: புத்தம் புதியது, தரமானது, மலிவானது. இதையே டவுண் கடைக்காரரும் சொல்கிறார். மூன்று நாள் பழைய கத்தரிக்காயின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டும் இதைச் சொல்லலாம்.

கடைக்காரரால் சொல்ல முடியாதவை சில உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு ஆய்ந்தது, எந்தப் பாத்தியில் ஆய்ந்தது, கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்பவை அவை. உங்கள் பேச்சு முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்க வேண்டும். நான் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வீடியோவில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் வாங்கியவர் தன் குசினியில் காயைக் கையில் எடுத்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சரிபார்க்க முடியாத வசனத்தை வெட்டிவிடுங்கள்.

கீழே உள்ளதெல்லாம் பயற்றங்காய், கத்தரி, வெண்டி மூன்றையும் வைத்து எழுதியது. கீரைக்கும் பாவற்காய்க்கும் சில இடங்களில் மாறும்.

இளசு வேறு, இன்றைக்கு ஆய்ந்தது வேறு

வெண்டிக்காயின் நுனியை ஒடித்துக் காட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ‘டக்’ என்று ஒடிந்தால் புதியது என்கிறோம். உண்மையில் அது காட்டுவது காய் இளசா முற்றலா என்பதை. முற்றிய வெண்டியை இந்த நிமிடம் ஆய்ந்து ஒடித்தாலும் நார் பிடித்து வளையும். இளம் வெண்டி நேற்று ஆய்ந்ததாக இருந்தாலும் ஓரளவு ஒடியும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

ஆய்ந்து எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வது காம்பின் வெட்டு முகம். காலையில் ஆய்ந்த வெண்டியின் காம்பு நுனி வெளிர் பச்சையாக, ஈரமாக இருக்கும். நேரம் போகப் போக அது காய்ந்து மண்ணிறமாகும். கத்தரியிலும் அப்படித்தான்: காம்பும் அதன் தொப்பியும் பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். தொப்பி வாடிச் சுருண்டு மண்ணிறம் காட்டத் தொடங்கினால் அது நேற்றையது, அல்லது அதற்கும் முந்தியது. தோலின் மினுக்கத்தை மட்டும் நம்பக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் அது கொஞ்ச நேரத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

கத்தரி இளசு என்பதைக் காட்ட ஒரு காயை நெடுக்காக வெட்டிக் காட்டுங்கள். சதை வெள்ளையாகவும் விதை வெளிறியும் இருந்தால் நல்ல பருவம். விதை மண்ணிறமாகிக் கடினப்பட்டிருந்தால் முற்றிவிட்டது, கறியில் கசக்கும். பயற்றங்காய்க்கு இரண்டு விரலால் வளைத்து ஒடித்தாலே போதும். ஆனால் ஒடிக்கும்போது போனுக்குக் கிட்டப் பிடியுங்கள், அந்தச் சத்தம் கேட்க வேண்டும். விதை புடைத்து, தோல் பஞ்சுபோலாகிவிட்ட காய்கள் ஒடியாமல் மடங்கும். அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். தனியே எடுப்பதையும் வீடியோவில் காட்டினால் நல்லது.

வெண்டியைக் கழுவிக் காட்டாதீர்கள். ஈரத்தோடு கட்டி அனுப்பினால் பின்னேரமே வழுவழுத்து, உரசிய இடமெல்லாம் கறுக்கும்.

இரண்டு வீடியோ வேண்டும்

பலர் தடுமாறுவது இங்கேதான். விடிய ஆய்ந்து, வீடியோ எடுத்துப் போட்டு, அதைப் பார்த்து ஓடர் வந்து சேரும்போது பத்து மணி. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சேர மத்தியானமாகிவிடும். அதற்குள் அந்த வீட்டில் சமையலும் முடிந்துவிடும். இதைத் தவிர்க்க முதல் நாள் ஆய்ந்த வீடியோவை அடுத்த நாளும் போடத் தொடங்குகிறார்கள். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஆய்வதற்கு முதல்நாள் பின்னேரம் எடுக்கும் வீடியோ ஓடர் வாங்குவதற்கு. அதில் காய் செடியிலேயே தொங்க வேண்டும். விடியக்காலையில் எடுக்கும் சின்ன வீடியோ, ஓடர் தந்தவர்களுக்கு மட்டும். அதில் அதே காய் பெட்டிக்குள் இருக்கும். செடியில் பார்த்ததைப் பெட்டியிலும் பார்த்தவருக்கு எப்போது ஆய்ந்தது என்பதில் சந்தேகமே வராது.

வெண்டியும் பயற்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயாவிட்டால் முற்றிப்போகும். எல்லா நாளும் வீடுகளுக்கு ஓட வேண்டியதில்லை. கிழமையில் இரண்டு நாளை ஓடருக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் ஆய்ந்ததை வியாபாரிக்கே கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலையை விடாதீர்கள், சைவ வீடுகளில் அன்று மரக்கறிதான். காத்தான்குடிப் பக்கம் அதே வெள்ளியில் ஜும்ஆவுக்கு முன்னரே கொடுத்து முடித்துவிட வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் மரக்கறிக்குக் கேள்வி கூடும், அந்த நாட்களில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளலாம்.

வீடியோ போடுவதற்கு முன் ஒரு வேலை. பின்னேரம் பாத்திக்குள் ஒருமுறை நடந்து, நாளைக்கு எவ்வளவு ஆயலாம் என்று மதிப்புப் போடுங்கள். பயற்றை 12 கிலோ வரும் என்று தோன்றினால் 9 கிலோவுக்குத்தான் ஓடர் எடுக்க வேண்டும். மிஞ்சினால் சந்தை இருக்கிறது. குறைந்தால் யாருக்கோ ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வரும்.

பின்னேர வீடியோ: பேச்சு

ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் போனைப் பிடிப்பது வசதி. சாய்ந்த வெயிலில், வெயில் பிடிப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். காற்று பலமென்றால் போனுக்குக் கிட்ட நின்று பேசுங்கள், கடற்கரைப் பக்கத் தோட்டங்களில் காற்று பாதிப் பேச்சைத் தின்றுவிடும். பாட்டுச் சேர்க்க வேண்டாம்.

(பாத்தி முழுவதும் தெரிய, மெதுவாக நடந்தபடி)
“வணக்கம். களுதாவளையில இருந்து பேசுறன். இது எங்கட தோட்டம். இந்தப் பக்கம் பயற்றை, அங்கால கத்தரி, வேலியோட வெண்டி.”

(தொங்கும் பயற்றங்காயைக் கையில் ஏந்தி)
“இண்டைக்கு வியாழக்கிழமை பின்னேரம். இந்தக் காயெல்லாம் இப்ப செடியிலதான் கிடக்கு. நாளைக்கு விடிய ஆஞ்சு, பத்து மணிக்குள்ள உங்கட வீட்ட கொண்டு வந்து தருவம்.”

(ஒரு காயை ஆய்ந்து, போனுக்குக் கிட்ட ஒடித்து)
“கேட்டீங்களா? நாளைக்கு உங்கட கையில கிடைக்கிறதையும் இப்படி ஒடிச்சுப் பாருங்க. ஒடியாட்டி எனக்குச் சொல்லுங்க.”

(கத்தரியின் காம்பைக் காட்டி, பிறகு வெட்டி)
“கத்தரித் தொப்பி பச்சையா இருக்கோணும், உள்ளுக்குள்ள விதை வெள்ளையா இருக்கோணும். கத்தரிக்குக் கடைசியா மருந்து அடிச்சது போன கிழமை புதன். போத்தல்ல போட்டிருக்கிற நாள் முடிஞ்சபிறகுதான் ஆயிறம்.”

(முகத்தைக் காட்டி)
“நாளைக்குப் பயற்றை 9 கிலோ, கத்தரி 8 கிலோ, வெண்டி 5 கிலோதான் கிடக்கு. விலை கீழ எழுதியிருக்கன். இரவு ஏழு மணிக்கு முதல் உங்கட பேர், இடம், எது எத்தனை கிலோ எண்டு எழுதி அனுப்புங்க. ஏழு மணிக்குப் பிறகு வாறது அடுத்த ஓடருக்கு.”

இதில் ‘தரமானது’ என்ற சொல் எங்குமே இல்லை என்பதைப் பாருங்கள். இருப்பு அளவைச் சொல்வது ஆட்களை அவசரப்படுத்துவதற்காக அல்ல, கடைசியில் ஓடர் தந்தவர் ஏமாறாமல் இருப்பதற்காக. எண்களை ஒவ்வொரு முறையும் உள்ளபடியே சொல்லுங்கள்.

விலையை வீடியோவில் பேசாமல் கீழே எழுதச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. வீடியோ கைமாறிக் கைமாறி அடுத்த மாதமும் சுற்றும். அதைப் பார்த்தவர் பழைய விலையைக் கேட்டு நிற்பார். அதேபோல வங்கிக் கணக்கு இலக்கத்தை வீடியோவிலோ ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள். ஓடர் தந்தவருக்குத் தனியே அனுப்பினால் போதும்.

மருந்தையும் புழுவையும் பற்றி எப்படிப் பேசுவது

இந்த இடத்தில்தான் பலர் வாய் தவறுகிறார்கள். ‘மருந்தே அடிக்காதது’, ‘நூறு வீதம் சேதனம்’ என்று சொல்லிவிட்டு, கத்தரியில் புழு கூடியதும் மருந்து அடிக்கிறார்கள். அடித்தால் அடித்ததாகச் சொல்லுங்கள், திகதியோடு. ஒவ்வொரு மருந்து லேபலிலும் கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும், பயிருக்குப் பயிரும் மாறலாம். அடித்த அன்றே லேபலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், ‘எப்போது அடித்தீர்கள்’ என்று கேட்பவருக்குத் திகதியோடு காட்டலாம். லேபல் விளங்காவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழைப் பெற என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்கலாம். அது கையில் கிடைத்த பிறகு வீடியோவில் சொல்லுங்கள், அதற்கு முன் சொல்லக் கூடாது.

லேபலில் போட்டிருக்கும் அந்த நாள் முடியவில்லை என்றால் அந்தப் பாத்தியை அன்றைய ஓடரில் சேர்க்காதீர்கள். “கத்தரிக்கு மருந்து அடிச்சு நாள் முடியல்ல, இந்த முறை கத்தரி இல்லை” என்று பின்னேர வீடியோவில் ஒரு வசனம் சொன்னால் போதும். வாங்குபவர் மனதில் நிற்பது அந்த வசனம்தான்.

கத்தரிப் புழுவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காய் துளைப்பான் புழு பிஞ்சிலேயே, பெரும்பாலும் தொப்பிக்கு அடியில் நுழைந்துவிடும். காய் வளர வளர அந்த வாசல் மூடிக்கொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும், வெட்டினால் உள்ளே சுரங்கம்போல் இருக்கும். வெளியில் தெரிகிற பெரிய ஓட்டை, புழு வெளியேறிய வழி. ஓட்டை உள்ளதை நாம் பொறுக்கி எடுத்துவிடலாம், வாசல் மூடிய காயை எவ்வளவு அனுபவம் உள்ளவராலும் வெளியில் பார்த்துப் பிடிக்க முடியாது. ஆகவே ‘புழுவே இல்லை’ என்று சத்தியம் பண்ணாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்:

“ஓட்டை உள்ள காயை நாங்க எடுத்திடுறம். சிலதுக்குள்ள புழு இருந்தா வெளியால தெரியாது. வெட்டேக்க இருந்தா படம் ஒண்டு அனுப்புங்க, அடுத்த முறை அந்த நிறைக்குக் காய் கூடப் போட்டுத் தாறன்.”

ஓடர் எடுப்பது: ஒன்றை முழுதாகப் பார்ப்போம்

விலைகளைக் கணக்குக் காட்டுவதற்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன்: பயற்றை கிலோ 400 ரூபா, கத்தரி 300, வெண்டி 320. உங்கள் விலை அன்றன்று வியாபாரி தரும் விலைக்கும் டவுண் கடை விலைக்கும் இடையில் எங்கோ நிற்கும். கொண்டு கொடுக்கும் செலவைக் காயின் விலையில் மறைக்காமல் தனியே போடுவது நல்லது, 100 ரூபா என்று வைப்போம். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்து ஓடர் தந்து ஒரு செலவோடு முடிப்பார்கள். உங்களுக்கும் ஒரு நிறுத்தம் குறையும்.

கல்லடியில் இருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்புகிறார்: “தம்பி, பயற்றங்காய் ஒரு கிலோ, கத்தரி அரைக் கிலோ, வெண்டியும் கொஞ்சம் போடுங்க.”

சிக்கல் எல்லாம் அந்தக் ‘கொஞ்சம்’ என்பதில்தான் இருக்கிறது. நீங்கள் கால் கிலோ போட்டால் போதாது என்பார், ஒரு கிலோ போட்டால் ஏன் இவ்வளவு என்பார். ஆகவே உடனே கேளுங்கள்: “அக்கா, வெண்டி அரைக் கிலோ போடட்டா? அதுக்குக் குறையக் கட்டுறதில்லை.” அவர் சரி என்றதும், குரலில் வந்தாலும் எழுத்தில் வந்தாலும், நீங்கள் எழுத்தில் திருப்பி அனுப்ப வேண்டும்:

“அக்கா, உங்கட ஓடர்:
பயற்றை 1 கிலோ – 400
கத்தரி அரைக் கிலோ – 150
வெண்டி அரைக் கிலோ – 160
கொண்டு வாற செலவு – 100
மொத்தம் 810 ரூபா.
நாளை வெள்ளி காலை 9க்கும் 10க்கும் இடையில் கல்லடி. காசு கையில தரலாம், வங்கியில போடலாம். சரி எண்டு ஒரு பதில் போடுங்க.”

‘சரி’ வந்தால்தான் அது ஓடர். வராவிட்டால் எட்டு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தக் காயை அடுத்தவருக்கு ஒதுக்குங்கள். தெரிந்தவர்தானே என்று ‘சரி’ வராமலே கட்டிக்கொண்டு போனால், வீடு பூட்டிக் கிடக்கும்.

பேச்சில் மரியாதைச் சொல் வீட்டுக்கு வீடு மாறும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காத்தான்குடியில் தாத்தா, நானா என்றும், ஆரையம்பதியில் அக்கா, அண்ணன் என்றும் தொடங்குங்கள். ஒரே செய்தியை எல்லோருக்கும் ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று அனுப்பினால் யாரோ கொம்பனிக்காரர் அனுப்பியதுபோல் இருக்கும்.

எல்லா ஓடரையும் கொப்பி ஒன்றில் இடம் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள், வந்த வரிசையில் அல்ல. மட்டக்களப்பு–கல்முனை வீதியில் வடக்கே போகும்போது ஆரையம்பதி, பிறகு காத்தான்குடி, பிறகு கல்லடி. பைகளைக் கட்டும்போது கடைசியில் கொடுக்க வேண்டியதை அடியில் வைத்தால், வீதியோரம் நின்று கிளற வேண்டியிருக்காது.

விடியக்காலை

வெளிச்சம் வந்ததும் ஆயத் தொடங்குங்கள், வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஆய்ந்ததை மண்ணில் கொட்டாமல் நேரே பெட்டியில் போட்டு நிழலில் வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையிலேயே காய் வாடத் தொடங்கும். அப்போது பெட்டியின் மேல், காயில் படாதபடி, நனைத்துப் பிழிந்த சாக்கைப் போட்டு மூடிக் கொண்டுபோவது உதவும்.

காலை வீடியோவுக்கு இருபது விநாடி போதும். ஆய்ந்த பெட்டியைக் காட்டி, ஒரு வெண்டியின் ஈரக் காம்பைக் கிட்டக் காட்டி: “வெள்ளிக்கிழமை, காலை ஆறரை. நேற்றுக் காட்டின அதே பாத்தி. இப்ப நிறுக்கப் போறம்.” பிறகு தராசு. முதலில் வெறும் கூடையை வைத்துப் பூச்சியம் காட்டுவதை எடுங்கள், அப்புறம் காயைப் போடுங்கள். முத்திரையிடப்பட்ட தராசாக இருக்க வேண்டும். குசினித் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் நிறுத்துப் பார்க்க 50 கிராம் குறைந்தால், இத்தனை வீடியோவும் வீண்.

காய் குறைந்துவிட்டால் என்ன செய்வது? 9 கிலோ பயற்றைக்கு ஓடர் எடுத்தீர்கள், இரவு மழை கொட்டி 7 கிலோதான் கிடைத்தது என்று வையுங்கள். எல்லோருக்கும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துப் போடாதீர்கள். கடைசியாக ‘சரி’ சொன்னவர்களில் இருந்து தொடங்கி, புறப்படுமுன் அழையுங்கள்: “அக்கா, ராத்திரி மழைக்குப் பயற்றை குறைஞ்சிட்டு. அரைக் கிலோதான் தரலாம். மிச்சத்துக்குக் கத்தரி போடட்டா, இல்லாட்டி காசக் குறைக்கட்டா?” முடிவை அவர் எடுக்கட்டும், புதிய மொத்தத்தை எழுத்தில் அனுப்புங்கள். ஐப்பசியில் இருந்து தை வரையான மாரியில் இது அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் மதிப்பின் பாதிக்கு மேல் ஓடர் எடுக்காமல் இருப்பதே புத்தி.

வாசலில்

பையைக் கொடுக்கும்போது இரண்டே வசனம் போதும். “அக்கா, ஒருக்காத் திறந்து பாருங்க” என்பது முதலாவது. அவர் பார்த்து முடிக்கும்வரை நில்லுங்கள், மோட்டார் சைக்கிளை இயக்கிக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டாவது, வைத்திருப்பது பற்றி: “வெண்டியையும் பயற்றையும் கழுவாம, கடதாசியில சுத்தி பிரிட்ஜ்ல வையுங்க. கத்தரிய முதல்ல சமைங்க, பிரிட்ஜ்ல கனநாள் வைக்க வேணாம்.” கத்தரி கடும் குளிர் தாங்காது, சில நாளில் தோலில் குழி விழுந்து உள்ளே விதை கறுக்கும். இதைச் சொல்லாமல் விட்டால், நான்கு நாள் கழித்து அந்தப் படம் உங்களுக்குத்தான் வரும், பழைய காய் தந்தீர்கள் என்று.

முறைப்பாடு வந்தால் முதலில் படம் கேளுங்கள், கூடவே எந்த நாள் வாங்கியது என்றும் கேளுங்கள். கொப்பியில் அந்த நாளைப் பாருங்கள். புழு என்றால் வாதம் வேண்டாம். 200 கிராம் பழுது என்றால், அடுத்த ஓடரில் அவருடைய பெயருக்கு நேரே ‘கத்தரி +200 கிராம்’ என்று அப்போதே எழுதிவிடுங்கள். அடுத்த முறை அனுப்பும் ஓடர் செய்தியிலும் அதைத் தனி வரியாகப் போடுங்கள்: “போன முறை புழுக் கத்தரிக்கு 200 கிராம் கூடப் போட்டிருக்கு, காசில்லை.” ஒரே பாத்தியில் இருந்து இரண்டு மூன்று வீட்டுக்காரர் ஒரே நாளில் புழுப் படம் அனுப்பினால், அந்தப் பாத்திக் கத்தரியை அடுத்த ஓடருக்குத் திறக்காதீர்கள். செடிகளின் வாடிய குருத்துகளை வெட்டி எடுத்து, ஓட்டை விழுந்த காய்களையும் பொறுக்கி எரித்துவிட்டு, அடுத்த பருவக் காய் வெட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால் மட்டும் மறுபடி வீடியோவில் காட்டுங்கள்.